எண்ணும் முன்பே உறுதியாகும் கூட்டுத்தொகை: ஆய்வேட்டுக்குக் கை-ஸ்கொயர் சோதனையைத் தேர்ந்த அனுபவம்

புகையிலை மெல்லும் பழக்கத்துக்கும் வாயில் தோன்றும் வெண்படலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய என் முதுநிலை ஆய்வேட்டில் இரண்டு அட்டவணைகள் இருந்தன. இரண்டுமே இரண்டு வரிசை, இரண்டு நிரல் கொண்டவை. இரண்டிலும் பழக்கம் உண்டா இல்லையா, படலம் உண்டா இல்லையா என்பதே விவரம். முறையியல் அத்தியாயத்தில் இரண்டுக்கும் சேர்த்து 'கை-ஸ்கொயர் சோதனை பயன்படுத்தப்பட்டது' என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். புள்ளியியல் ஆசிரியர் அந்த வரியை அடிக்கோடிட்டுவிட்டுக் கேட்ட கேள்வி இதுதான்: "களத்துக்குப் போறதுக்கு முன்னாடியே இந்தக் கூட்டுத்தொகைகள்ல எதையெல்லாம் நீங்க எழுதி வைச்சிருக்க முடியும்?"

முதல் அட்டவணைக்கு ஒரு வட்டாரத்தின் வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்து, ஒவ்வொருவரிடமும் பழக்கத்தைக் கேட்டு, வாயையும் பார்த்திருந்தோம். மொத்தம் எத்தனை பேர் என்பது மட்டுமே முன்கூட்டித் தெரியும். மெல்பவர் எத்தனை பேர், படலம் உள்ளவர் எத்தனை பேர் என்பவை பார்த்து முடித்த பிறகே தெரிந்தன. இரண்டாவது அட்டவணையில் அப்படி இல்லை. புறநோயாளிப் பிரிவில் படலம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் சம எண்ணிக்கையில் எடுப்பது என்று முதலிலேயே முடிவு செய்து, அதன் பிறகே அவர்களிடம் பழக்கத்தைக் கேட்டோம். ஆகவே அந்த இரண்டு கூட்டுத்தொகைகளும் நாங்கள் வைத்தவை, களம் தந்தவை அல்ல.

முதல் வகையில் ஒரே முழுமைத் தொகுதியிலிருந்து ஒரே மாதிரி எடுக்கப்பட்டு, ஒவ்வொருவரிடமும் இரண்டு பண்புகள் பதிவாகின்றன. அந்த இரண்டும் ஒன்றையொன்று சாராதவையா என்பது கேள்வி. இதுவே சார்பின்மைச் சோதனை. இரண்டாவது வகையில் தனித்தனித் தொகுதிகளிலிருந்து தனித்தனி மாதிரிகள் எடுக்கப்பட்டு, ஒரே ஒரு பண்பு அவற்றில் ஒரே விகிதத்தில் பரவியிருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. இது ஒருபடித்தன்மைச் சோதனை.

இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள, ஆசிரியரின் யோசனைப்படி, ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் நடத்தி 1950-இல் வெளியிட்ட ஆய்வின் எண்களைக் கையாலேயே போட்டுப் பார்த்தேன். அதில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 709 பேர், ஒப்பீட்டுக்காக எடுத்த வேறு நோயாளிகள் 709 பேர். முன்னவரில் 688 பேரும் பின்னவரில் 650 பேரும் புகைப்பவர்கள். புகைக்காதவர்கள் முறையே 21, 59. இரு குழுக்களும் சம அளவில் இருப்பது ஆய்வாளர்களின் முடிவு என்பதால் இது ஒருபடித்தன்மைக் கேள்வி: புகைப்பவரின் விகிதம் இரு குழுவிலும் ஒன்றுதானா?

ஒன்றுதான் என்று இன்மைக் கருதுகோளை வைத்தால், மொத்தப் புகைப்பவர்களான 1,338 பேரையும் சரிபாதியாகப் பிரித்து, குழுவுக்கு 669 பேரை எதிர்பார்க்க வேண்டும். புகைக்காத 80 பேரில் குழுவுக்கு 40 பேர். நான்கு கட்டங்களிலும் வித்தியாசம் 19. அதன் வர்க்கமான 361-ஐ அந்தந்த எதிர்பார்ப்பால் வகுத்துக் கூட்டினால் 19.13 வருகிறது. கட்டுப்பாடின்றி மாறக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கையான கட்டின்மை எண் 1 என்பதால், இன்மைக் கருதுகோள் சரியாக இருந்தும் இவ்வளவு வித்தியாசம் வருவதற்கான வாய்ப்பான p மதிப்பு 0.0001-க்கும் கீழே போய்விடுகிறது. ஆர் மென்பொருளிலும் சரிபார்த்தேன்:

```
m <- matrix(c(688, 650, 21, 59), nrow = 2)
chisq.test(m, correct = FALSE)
```

`correct = FALSE` என்று கொடுக்காவிட்டால், இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு யேட்ஸ் திருத்தம் தானாகவே சேர்ந்து 18.14 என்று வரும். கையால் போட்ட கணக்கோடு ஒப்பிடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்று மென்பொருள் எந்த இடத்திலும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். சார்பின்மைக்கும் இதே கட்டளை, இதே விடைதான்.

இரண்டுக்கும் ஒரே விடை எப்படி வருகிறது என்பது எனக்குச் சில நாள் உறுத்திக்கொண்டிருந்தது. கட்டின்மை எண்ணை இரு வழியிலும் எண்ணிப் பார்த்தபோது அது நீங்கியது. r வரிசை, c நிரல் என்று கொள்வோம். சார்பின்மையில் மொத்தம் மட்டும் நிலையானது. ஆகவே rc − 1 கட்டங்கள் கட்டற்றவை, அவற்றிலிருந்து வரிசை விகிதங்களுக்காக r − 1, நிரல் விகிதங்களுக்காக c − 1 கழிகின்றன. ஒருபடித்தன்மையில் ஒவ்வொரு வரிசைக்கும் c − 1 வீதம் r(c − 1) கட்டற்றவை. பொதுவான நிரல் விகிதங்களை மதிப்பிடுவதற்காக c − 1 மட்டுமே கழிகிறது. இரண்டும் (r − 1)(c − 1) என்பதிலேயே வந்து நிற்கின்றன. 1900-இல் இந்தச் சோதனையைத் தந்த கார்ல் பியர்சன், விகிதங்களைத் தரவிலிருந்தே மதிப்பிடுவதற்கான கழிவைச் செய்யாமல் விட்டிருந்தார்; 1922-இல் ஃபிஷர்தான் அதைத் திருத்தினார். பியர்சனே தடுமாறிய இடம் என்பதில் எனக்குச் சற்று ஆறுதல்.

விடை ஒன்றுதான் என்றால் பெயரில் என்ன இருக்கிறது என்று என் வகுப்புத் தோழர் கேட்டார். முடிவுரையில் எந்த விகிதத்தை எழுதலாம் என்பது அதைப் பொறுத்ததே. டால்–ஹில் அட்டவணையில் புகைப்பவர் 1,338 பேரில் 688 பேருக்குப் புற்றுநோய், அதாவது 51.4 சதவீதம். 'புகைப்பவரில் பாதிப் பேருக்கு நுரையீரல் புற்றுநோய்' என்று இதை எழுதிவிட முடியுமா? நோயாளி ஒருவருக்கு ஒப்பீட்டு ஆட்கள் இருவர் வீதம் எடுத்து, அவர்களிடமும் பழக்கம் அதே விகிதத்தில் இருந்திருந்தால், புகைப்பவர் கூட்டுத்தொகை 688 + 1,300 ஆகி, அதே சதவீதம் 34.6-க்கு இறங்கிவிடும். ஆய்வாளர் விரும்பியபடி மாறுகிற எண் மக்களைப் பற்றிய எண்ணாக இருக்க முடியாது. புகைப்பவருக்கும் புகைக்காதவருக்கும் உள்ள விகிதத்தை இரு குழுக்களுக்கிடையே ஒப்பிடும் ஆட்ஸ் விகிதமோ அசைவதில்லை: 688 × 59-ஐ 21 × 650-ஆல் வகுத்தாலும், ஒப்பீட்டுக் குழுவை இரட்டித்து 688 × 118-ஐ 21 × 1,300-ஆல் வகுத்தாலும் 2.97 தான். புகைப்பவருக்கு நோய் வரும் வீதத்தை அறிய டாலும் ஹில்லுமே 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஏறத்தாழ 40,000 பேரிடம் பழக்கத்தைக் கேட்டுப் பதிவு செய்து, பல ஆண்டுகள் பின்தொடர வேண்டியிருந்தது.

ஆகவே என் முதல் அட்டவணையில் மெல்பவரில் இத்தனை சதவீதத்தினருக்குப் படலம் இருக்கிறது என்று எழுதினேன். இரண்டாவதில் அந்த வாக்கியத்தை நீக்கி, படலம் உள்ளவரிலும் இல்லாதவரிலும் மெல்பவர் விகிதத்தையும் ஆட்ஸ் விகிதத்தையும் மட்டும் வைத்தேன். எங்கள் துறையில் இன்னொருவர் எண்ணிக்கை எதையும் வைக்காமல், குறிப்பிட்ட காலத்தில் வந்த எல்லோரையும் சேர்த்திருந்தார். அங்கே மொத்தம்கூட முன்கூட்டித் தெரியாது. ஆனாலும் எந்தக் குழுவின் அளவும் திட்டமிடப்படாததால் அது சார்பின்மையின் பக்கமே சேரும்.

வாய்மொழித் தேர்வில், இரண்டாவது அட்டவணையில் ஒவ்வொரு நோயாளிக்கும் வயது, பாலினம் பார்த்து ஓர் இணையை எடுத்தீர்களா என்று கேட்டார்கள். எடுத்திருந்தால் இரு மாதிரிகளும் ஒன்றையொன்று சாராதவை என்ற நிபந்தனை உடைந்துவிடும்; அப்போது இணை இணையாக எண்ணி, இருவரில் ஒருவர் மட்டும் மெல்லும் இணைகளைக் கொண்டு மெக்னிமர் சோதனை செய்ய வேண்டும். டால்–ஹில் ஆய்வில் அத்தகைய இணைப்பு உண்டு என்பதால், மேலே போட்ட கணக்கும் கண்டிப்பாகப் பார்த்தால் இணைகளைக் கணக்கில் எடுக்காத ஒரு பயிற்சியே. நாங்கள் இணை சேர்க்கவில்லை, குழுக்களை மட்டுமே சமமாக எடுத்தோம் என்று சொல்லி, ஆள்சேர்ப்புப் பதிவேட்டைக் காட்டினேன். அதையும் முறையியலில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னார்கள்.