ரிவர்ஸ் போட்டால் தூரம் குறையுமா?

குலசேகரத்தில் ரப்பர் தடி லாரி ஓட்டிய மாமா, வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறி ஷார்ஜா போய்விட்டு வந்தார். மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததுமே கேட்டார்: "மக்கா, தரையில எறங்குன ஒடனே ஒரு எரச்சல் கேக்குல்லா, அதுலதானே பிளேனு நிக்குது?"

திருவனந்தபுரத்தில் விமானப் பராமரிப்பில் இருப்பவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த இரைச்சல் விமானி ரிவர்ஸ் போடுவதால் வருவது. ரிவர்ஸ் என்றால் இஞ்சின் பின்பக்கமாகச் சுழல்வதில்லை. விசிறி தள்ளும் காற்றை மறித்து முன்பக்கமாகத் திருப்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு சக்கர பிரேக்குக்குத்தான்.

ஏ320 விமானத்தில், தானாகவே பிரேக் பிடிக்கும் ஆட்டோபிரேக்கை MED என்ற நடுத்தர அளவில் வைத்தால், அது குறிப்பிட்ட அழுத்தத்தில் பிரேக்கை மிதிப்பதில்லை. ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 3 மீட்டர் வீதம் குறைய வேண்டும் என்பதுதான் அதற்கு இடப்பட்ட கட்டளை. மணிக்கு 250 கிலோமீட்டரில் தொட்ட விமானம், ஒவ்வொரு விநாடியும் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தை இழந்துகொண்டே வரும். இதில் ரிவர்ஸும் சேர்ந்து இழுத்தால் ஆட்டோபிரேக் தன் பிடியை அந்த அளவுக்குத் தளர்த்திக்கொள்ளும். காய்ந்த ரன்வேயில் நிற்கும் தூரம் ஏறக்குறைய மாறாது.

பிறகு எதற்கு ரிவர்ஸ்? ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் பார்த்தேன். இரண்டு நாளும் MED, ஏறக்குறைய ஒரே எடை, ரன்வேயை விட்டு விலகியது ஒரே டாக்ஸிவேயில். முதல் நாள் விமானி ரிவர்ஸை ஐடிலுக்கு மேல் ஏற்றவில்லை. வந்து நின்றபோது பிரேக் வெப்பம் 260 டிகிரி. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 340. கார்பன் தட்டுகளின் சூடு மெல்ல சென்சாருக்கு ஏறுவதால், நின்ற பிறகுதான் உச்சம் தெரியும். 300-க்கு மேலிருந்தால் புறப்பட முடியாது. சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, ஆறும்வரை காத்திருந்தோம், விமானம் தாமதம். மறுநாள் முழு ரிவர்ஸ். உச்சமே 210-தான்.

"நம்ம ரெண்டாங்கியர் மாதிரி சொல்லு. மலை எறங்கையில டிரம்மு காயாம இருக்கத்தானே கியர குறைக்கோம்" என்றார் மாமா. அதேதான்.

ஆனால் மழை கொட்டினால் இந்தக் கணக்கு மாறிவிடும். சக்கரம் வழுக்கும்போது ஆன்டிஸ்கிட் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். கேட்ட 3 மீட்டர் கிடைக்காது. கேட்டதில் 80 சதவீதமாவது கிடைத்தால்தான் எரியும் DECEL விளக்கு, எரியாமலே இருந்துவிடலாம். அப்போது ரிவர்ஸ் இழுப்பது முழுக்க லாபம். தூரம் நிஜமாகவே குறையும். இடவப்பாதி மழையில் வரும் விமானங்களில் அந்த இரைச்சல் நீண்ட நேரம் கேட்பது இதனால்தான்.

மாமா சாயா கிளாஸைக் கீழே வைத்தார். "மழையில நானும் பிரேக்க மட்டும் நம்பி எறங்கமாட்டேன் மக்கா."