வட்டி 0.00 என்று எழுதியிருந்த படிவம்

சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் கிளிநொச்சி ஏ9 வீதியோரக் கடைகளில் "0% வட்டி" பதாகை தொங்காத கடை குறைவு. காலபோக நெல் விற்ற காசு வீடுகளில் இருக்கிற நேரம் அது என்பது அவர்களுக்குத் தெரியும். எனக்கும் அப்போதுதான் பிரிட்ஜ் தேவைப்பட்டது. வாங்கி முடித்துவிட்டேன், நல்ல விலைக்கும் வாங்கிவிட்டேன். ஆனால் முதலில் போன கடையில் நடந்ததை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான். அதைத்தான் எழுதுகிறேன், கடையின் பெயர் வேண்டாம்.

பொருள் 250 லீற்றர், இரண்டு கதவு, இன்வேர்ட்டர். விலைத்துண்டில் 198,000 ரூபா. பதாகையில் மாதம் 16,500, பன்னிரண்டு மாதம், வட்டி இல்லை. பன்னிரண்டால் பெருக்கினால் 198,000 சரியாக வருகிறது. இந்த இடத்தில்தான் பலர் திருப்தியாகிவிடுகிறார்கள். பெருக்கல் சரியாக வருவதால் ஒன்றும் நிரூபணமாகாது. அந்த 198,000 என்ற விலையே எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

"தம்பி, உடன் காசு தந்தால் என்ன விலை?" என்று கேட்டேன்.

"காசெண்டாலும் அதே விலைதான் அக்கா. வட்டி இல்லாதபடியால் காசு குடுக்கிறதில உங்களுக்கு லாபம் இல்லை."

தவணையைப் பற்றி விசாரித்த பிறகு காசு விலையைக் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். அதனால் காசு விலையை வேறொருவர் போய், தவணை என்ற சொல்லையே எடுக்காமல் கேட்க வேண்டும். வேலையாக வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வந்த அத்தானிடம் பிரிட்ஜின் மொடல் இலக்கத்தைக் கொடுத்து அனுப்பினேன். அதற்கு முன் கதவைத் திறந்து, உள்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் துண்டைப் படம் எடுத்து வைத்திருந்தேன். மொடல் இலக்கத்தைக் கடைசி எழுத்து வரை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கம்பனி, ஒரே லீற்றர், ஒரே நிறம் என்று நிற்கும் இரண்டு பிரிட்ஜுகளில் ஒன்று இன்வேர்ட்டராகவும் மற்றது சாதாரணமாகவும் இருக்கும். வித்தியாசம் அந்தக் கடைசி இரண்டு எழுத்துகளில்தான் தெரியும். அதைப் பார்க்காமல் இன்னொரு கடையின் விலையோடு ஒப்பிட்டால், "அது வேற மொடல்" என்று ஒரே வரியில் நம் வாயை அடைத்துவிடுவார்கள்.

அத்தான் போய், "இண்டைக்கே காசு கட்டி ஏத்திக்கொண்டு போறன், கடைசி விலை என்ன?" என்று கேட்டிருக்கிறார். நூற்றுக்குப் பதினைந்து கழிவு. 168,300 ரூபா. விற்பனையாளரே தன் பெயரட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அதே கடை, அதே பிரிட்ஜ். எனக்கு ஒரு விலை, அத்தானுக்கு ஒரு விலை. இடையில் 29,700 ரூபா.

நான் கடைக்கு போன் எடுத்து முகாமையாளரிடம் இதைச் சொன்னேன். அவர் தடுமாறவே இல்லை. "நேரில வாங்கோ ரீச்சர், பிணையாளரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, பாத்துச் செய்வம்" என்றார். காசு விலைக்கே தவணை போட்டுத் தருவார் போலிருக்கிறது என்று நினைக்க வைக்கும் குரல். சம்பளத் துண்டு, கிராம சேவகர் அத்தாட்சி, மின்சாரப் பட்டியல், பிணைக்கு இரண்டு பேர் என்று எல்லாம் சேர்த்தோம். ஒரு பிணை சித்தப்பா. பாவம், மல்லாவியிலிருந்து பஸ் ஏறி வந்தார்.

போனால் முகாமையாளர் இல்லை, கூட்டமொன்றுக்காக யாழ்ப்பாணம் போய்விட்டாராம். பழைய தம்பிதான் படிவத்தை நீட்டினார். முழுக்க ஆங்கிலம். தமிழில் ஒரு பிரதி இருக்கிறதா என்று கேட்டதற்கு, "எல்லாரும் இதிலதான் அக்கா சைன் வைக்கிறவை" என்றார். சித்தப்பாவுக்கு ஆங்கிலம் வராது. வாசித்துப் புரியாத காகிதத்தில் பிணைக் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, நானே வரி வரியாக வாசித்தேன்.

படிவத்தில் "கேஷ் பிரைஸ்" என்றொரு கட்டம். அதில் ஏற்கெனவே 198,000 என்று அச்சாகியிருந்தது. அடுத்த கட்டம் வட்டி. அதில் 0.00. விளங்குகிறதா? காசு விலையென்று காட்ட வேண்டிய இடத்தில் தவணை விலையைப் போட்டால் வட்டிக் கட்டத்தில் தானாகவே சுழியம் வந்துவிடும். பொய் வட்டிக் கட்டத்தில் இல்லை, அதற்கு முந்தின கட்டத்தில் இருக்கிறது.

"தம்பி, இதில 168,300 எண்டு எழுதுங்கோ. உங்கட கடைதான் எழுதித் தந்தது" என்று பெயரட்டையைக் காட்டினேன்.

"அது ஒஃபர் விலை அக்கா. சிஸ்டத்தில வராது."

அதோடு முடியவில்லை. கையெழுத்துக்குப் பேனையைத் தரும்போதுதான் "டொக்கியூமென்ட் சார்ஜ் 3,960 இப்ப கட்டவேணும், முதல் தவணையும் இண்டைக்கே" என்றார். விலையில் நூற்றுக்கு இரண்டு. பதாகையில் அது எங்கே என்று தேடினேன். ஒரு நட்சத்திரக் குறியும், கீழே எறும்பளவு எழுத்தில் "நிபந்தனைகளுக்குட்பட்டது" என்றும் இருந்தது. அந்தக் காசுக்குத் தனிப் பற்றுச்சீட்டு தருவீர்களா என்று கேட்டால், அதற்கும் சிஸ்டத்தில் வராதாம்.

அங்கேயே வாங்கில் இருந்து போனில் கணக்குப் போட்டேன். பிரிட்ஜின் உண்மையான விலை 168,300. இன்றைக்கே என் கையிலிருந்து போவது முதல் தவணை 16,500, கட்டணம் 3,960, இரண்டும் சேர்த்து 20,460. அப்படியானால் அவர்கள் எனக்கு உண்மையில் தரும் கடன் 147,840தான். அதற்கு நான் இன்னும் பதினொரு தவணை, 181,500 கட்ட வேண்டும். மேலதிகம் 33,660. இந்தக் கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், பதினொரு மாதத்திலும் சராசரியாக என் கையில் நிற்பது 80,000 அளவுதான். எண்பதாயிரத்துக்குப் பதினொரு மாதத்தில் 33,660 கட்டினால் வருடத்துக்கு நூற்றுக்கு நாற்பதைத் தாண்டிய வட்டி. காப்பை வங்கியில் அடகு வைத்து எடுத்தாலும் இவ்வளவு வராது. வட்டியில்லாக் கடன் என்று சொல்லித் தரும் கடன் இது!

இன்னொரு கேள்வியும் கேட்டேன். தவணை வாங்குகிற எல்லோரும் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. "நாலு மாதத்தில முழுக்கக் கட்டி முடிச்சால் எவ்வளவு குறைப்பீங்கள்?" வட்டி வெளிப்படையாக இருக்கும் கடன் என்றால் மிச்ச மாத வட்டியில் ஏதாவது விடச் சொல்லிக் கேட்கலாம். இங்கே காகிதத்தின்படி வட்டியே இல்லை. இல்லாத வட்டியை எப்படிக் குறைப்பது? "குறைக்க ஒண்டும் இல்லை அக்கா" என்றார் தம்பி, மிக நேர்மையாக. விலைக்குள் ஒளித்த வட்டியை முந்திக் கட்டினாலும் மீட்க முடியாது.

கையெழுத்து வைக்காமல் எழும்பினோம். சித்தப்பாவின் ஒரு நாள் வீண். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சோடா வாங்கித் தரச் சொல்லிக் குடித்துவிட்டு மல்லாவி பஸ்ஸில் ஏறினார். வாராந்தக் கடன்காரர் வாசலுக்கு வாசல் வந்து நின்ற காலத்தைப் பார்த்த ஊர்கள் எங்களுடையவை. பிணைக் கையெழுத்தென்றால் என்னவென்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எல்லாச் சுழிய வட்டியும் பொய்யென்று நான் சொல்லவில்லை. கடனட்டைத் தவணையில் சில வேளை உண்மையாகவே வட்டி இருக்காது. வங்கிக்கான செலவைக் கடையே தன் இலாபத்தில் இருந்து கொடுக்கும். அதை உறுதிசெய்ய ஒரே வழிதான். காசுக்கு எடுத்தால் என்ன விலை, தவணைக்கு எல்லாக் கட்டணமும் சேர்ந்து என்ன விலை, இரண்டையும் எழுத்தில் வாங்கிக் கழித்துப் பார்ப்பது. இலவசமாக அயர்ன் பொக்ஸ், கிரைண்டர் தருகிறோம் என்றால், "அது எனக்கு வேண்டாம், அந்தக் காசைக் குறையுங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவரும் கூலியையும் மேலதிக உத்தரவாதக் காசையும் இரண்டு விலையிலும் ஒரே மாதிரிச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும்.

வவுனியாவில் அத்தான் விசாரித்த கடையில் அதே மொடல், கடைசி எழுத்து வரை அதேதான், காசுக்கு 168,000. அவருடைய கடனட்டையில் ஆறு மாதத் தவணை என்றால் 172,000. "நாலாயிரம் கடனட்டைக்காக" என்று கடைக்காரர் வெளிப்படையாகச் சொன்னார். வங்கிக்கு போன் எடுத்தோம். ஆறு மாதத்துக்கு அவர்கள் பக்கம் கட்டணம் இல்லை, பன்னிரண்டு மாதம் என்றால் உண்டு என்றார்கள். ஆறு மாதத்தில் நாலாயிரம் என்பது வருடக் கணக்கில் நூற்றுக்கு எட்டளவு. மாதத் தவணை 28,667 கொஞ்சம் கனம்தான், நெற்காசு கைகொடுத்தது. மறுநாளே பிரிட்ஜ் வீட்டுக்கு வந்துவிட்டது.

பழைய கடைக்காரர்கள் மாத முடிவில் போன் எடுத்து, "165,000க்குத் தாறம் ரீச்சர்" என்றார்கள். மாதக் கடைசியில் அவர்களுக்கும் விற்பனை இலக்கு நெருக்கும் போலிருக்கிறது. காசுக்கு வாங்க நினைப்பவர்கள் அந்த நாட்களைப் பார்த்துப் போகலாம்.

அந்தக் கட்டணத்துக்குச் சீட்டுத் தர மறுத்ததை மட்டும் விடவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். ஏமாற்றும் விதமாக விலையைக் காட்டுவதும் அதே சட்டப்படி குற்றம். நான் ஒன்றும் வாங்காதபடியால் அந்த அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குப் போன் எடுத்து, பதாகையையும் கட்டணத்தையும் பற்றிச் சொன்னதோடு சரி. வாங்கி ஏமாந்தவர்கள் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். பதாகையின் படம், விலை எழுதிய துண்டு, ஒப்பந்தப் பிரதி மூன்றும் கையில் இருந்தால் பேச்சுச் சுருங்கும். ஒப்பந்தப் பிரதியைப் பிறகு தருகிறோம் என்றால் கையெழுத்தையும் பிறகு வையுங்கள்.

கடனட்டையில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அத்தானின் முதல் மாதக் கூற்றில் 172,000உம் முழுச் செலவாகவே வந்திருந்தது, தவணையாக மாற்றப்படவில்லை. கடையில் தவணை என்று இயந்திரத்தில் போட்டாலும் வங்கியில் பதிவாகாமல் விடுபடுமாம். கட்ட வேண்டிய திகதிக்கு முன் பார்த்தபடியால் ஒரு போனில் சரிசெய்தார்கள். பார்க்காமல் ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டியிருந்தால் மிச்சத்துக்குக் கடனட்டை வட்டி ஓடத் தொடங்கியிருக்கும். முதல் கூற்று வந்த அன்றே தவணை என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.