இடது கன்னம், ஜனவரி முதல்

ஜனவரி 7, 2024

காலை ஒன்பது மணிக்கு முகத்தைக் கழுவி, எதுவும் பூசாமல், வடக்கு ஜன்னலருகே நின்று முதல் படத்தை எடுத்தேன். இடது கன்னத்தில் பழைய பருக்கள் விட்டுச்சென்ற பழுப்புக் கறைகள் 11, வலது கன்னத்தில் 4. இன்னும் ஆறாத பருக்கள் 9. இனி நான்கு ஞாயிறுகளுக்கு ஒரு முறை, இதே நேரத்தில், இதே இடத்தில் நின்று எடுக்க வேண்டும் என்றும், இடையில் கண்ணாடியை நம்பி எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

காலையில் அசெலாயிக் அமிலம், அதன்மேல் சன்ஸ்கிரீன். இரவில் அடாபலீன், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு மட்டும், முதல் மாதத்தில் மூன்று இரவுகளுக்கு ஒரு முறை. பருக்கள் அடங்குவதற்கு 12 வாரம், கறைகள் மங்குவதற்கு 24 வாரம் என்று அவர் சீட்டின் பின்புறத்திலேயே எழுதிக் கொடுத்தார். குழந்தைக்கான எண்ணம் உண்டா என்றும் கேட்டார். மே மாதத்துக்குப் பிறகு என்றேன். அப்படியானால் அதற்கு முன்பே இரவு மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்று அதையும் எழுதினார்.

ஜனவரி 9

ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடுகளாகப் பிதுக்கினால் வருவதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டிய சன்ஸ்கிரீன் அளவு. அது ஏறத்தாழ ஒரு கிராம். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை என்றால் 50 கிராம் குழாய் ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். நான் சென்ற ஆண்டு வாங்கிய குழாய் நான்கு மாதம் வந்தது. அதாவது நாளொன்றுக்கு அரை கிராம்கூட நான் பூசியதில்லை. உறையில் அச்சிட்டிருக்கும் எஸ்.பி.எஃப். பாதுகாப்பு எண் முழு அளவைப் பூசினால்தான் உண்மையாகும். ஆகவே சென்ற ஆண்டை சன்ஸ்கிரீன் பூசிய ஆண்டாக நான் கணக்கில் சேர்க்க முடியாது. என் கணக்கு நேற்று முன்தினம்தான் தொடங்குகிறது.

ஜனவரி 16

அசெலாயிக் பூசியதும் பத்து நிமிடம் எறும்பு ஊர்வதுபோல் அரிக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடுமாம்.

ஜனவரி 27

பருக்கள் 9 இருந்த இடத்தில் இன்று 12. மூக்கோரத்தில் தோல் பொருக்காக உரிகிறது. பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள் என்று அன்றிலிருந்து மனம் அரற்றிக்கொண்டே இருந்ததால், இன்று அடாபலீன் குழாயைக் குப்பைக்கூடைவரை கொண்டுபோய்விட்டுத் திரும்பினேன்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கண்ணுக்குத் தெரியும் ஒரு பரு, தெரிவதற்கு ஏறத்தாழ எட்டு வாரம் முன்பே மயிர்க்கால் துளைக்குள் சிறு அடைப்பாகத் தொடங்கிவிடுகிறது. அப்படியானால் இன்று நான் பார்க்கும் பரு டிசம்பர் தொடக்கத்தில் உருவானது. அடாபலீன் புதிய அடைப்பு உண்டாகாமல் தடுக்கும். ஏற்கெனவே உருவாகிவிட்டவை மேலே வந்தே தீரும். சிலருக்கு அவை முதல் சில வாரங்களில் ஒன்றாகச் சேர்ந்து வருவதும் உண்டு. எட்டு வாரம் கடந்த பின்னும் பெருகிக்கொண்டே போனால்தான் மருத்துவரிடம் போக வேண்டும். மார்ச் 3 வரை இந்தக் கேள்வியை நான் எழுப்பக் கூடாது.

பிப்ரவரி 4

இரண்டாம் படம். கறைகளில் ஒரு மாற்றமும் இல்லை.

பிப்ரவரி 12

செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன். நான்கு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்ற ஆற்றாமையில், 10 விழுக்காடு கிளைக்காலிக் அமிலம் ஒரு புட்டி வாங்கி வியாழன் இரவு பூசினேன். வெள்ளிக்கிழமை காலையில் கன்னம் பளிங்குபோல் வழவழவென்று இருந்தது. ஐந்து வாரமாக அசெலாயிக்கும் அடாபலீனும் காட்டாததை இது ஓர் இரவில் காட்டிவிட்டதே என்று வெள்ளி, சனி இரண்டு இரவுகளிலும் அடாபலீனுக்கு மேலேயே பூசினேன். நேற்று முகம் கழுவியபோது தண்ணீர் பட்டாலே எரிந்தது. இடது கன்ன எலும்பின் மேல் ஒரு துவரம்பருப்பு அளவுக்குத் தோல் வழன்று, ஈரமாகச் சிவந்திருக்கிறது.

அமிலத்தின் வேகம் ஏன் ஏமாற்றுகிறது என்று இப்போதுதான் புரிகிறது. மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் இறந்த செல்களின் பிடிப்பைத் தளர்த்துவதே அதன் வேலை. ஆகையால் வழவழப்பும் ஒளியும் ஓரிரு நாளிலேயே கிடைத்துவிடுகின்றன. கறையின் நிறமியோ அதற்கு அடியில் இருக்கும் அடுக்குகளில் இருக்கிறது. அங்கிருந்து மேலே வந்து உதிர வேண்டிய நாட்களை அமிலம் ஓர் இரவில் சுருக்கிவிடுவதில்லை. அளவோடு பூசினாலும் கறைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். வழவழப்பு வந்த வேகத்தைக் கொண்டு கறை போகும் வேகத்தை நான் எடைபோட்டதுதான் பிழை.

மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். பத்து நாட்களுக்கு ஈரப்பசைக் களிம்பும் சன்ஸ்கிரீனும் மட்டும், மற்ற அனைத்தையும் நிறுத்தச் சொன்னார். நம் நிறத்துத் தோலில் எந்தப் புண்ணும் எரிச்சலும் ஒரு பழுப்புக் கறையை விட்டுவிட்டுத்தான் போகும் என்றும் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 20

மைனி வந்திருந்தார். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எதுக்கு மக்ளே இவ்வளவு பாடு? நான் போடுத கிரீம் பத்து நாளுல வெளுக்கும்" என்று தம் பையிலிருந்து குழாயை எடுத்துக் காட்டினார். உறையைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படித்தேன்: ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், மோமெட்டசோன். மூன்றாவது ஒரு ஸ்டீராய்டு. பத்து நாளில் தெரியும் வெளுப்பில் பெரும்பங்கு அதனுடையது. அது இரத்த நாளங்களைச் சுருக்கிச் சிவப்பை அடக்குகிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும். திடீரென நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் பருவும் முன்னைவிட அதிகமாகத் திரும்பும். எத்தனை நாளாகப் பூசுகிறீர்கள் என்று கேட்டேன். போன ஓணத்திலிருந்து என்றார். இரண்டு நாள் நிறுத்தினால் முகம் எரிகிறது என்றும், அதனால்தான் விடாமல் பூசுவதாகவும் சொன்னார்.

தாமாகவே நிறுத்திவிட வேண்டாம், குழாயை எடுத்துக்கொண்டு என் மருத்துவரிடம் வாருங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். இரவு முழுவதும் அந்த நினைப்பாகவே இருக்கிறது.

பிப்ரவரி 23

மைனி வந்தார். நானும் இன்று முதல் மீண்டும் தொடங்குகிறேன். அடாபலீன் வாரத்துக்கு இரண்டு இரவு, ஈரப்பசைக் களிம்பு பூசி அது உலர்ந்த பிறகு.

மார்ச் 3

மூன்றாம் படம். எட்டு வாரம். பருக்கள் 7. கறைகள் அப்படியே இருக்கின்றன, கன்ன எலும்பின் மேல் வந்த புதியதையும் சேர்த்து இடப்புறம் 12.

மார்ச் 12

தங்கை தன் வைட்டமின் சி புட்டியைக் கொண்டுவந்து, மூன்று வாரம் பூசியும் பயனில்லை என்று வருந்தினாள். வாங்கியபோது தண்ணீர்போல் தெளிந்திருந்ததாம். இப்போது கட்டன் சாயாவின் நிறம். குளியலறை ஜன்னல் திண்டில், மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்திருந்திருக்கிறாள். அஸ்கார்பிக் அமிலம் காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டால் ஆக்சிசனோடு சேர்ந்து கெட்டுவிடும், பழுப்பானதைப் பூசிப் பயனில்லை. அது முகத்துக்குத் தரும் தெளிவு கண்ணில் பட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இவளுடைய புட்டி அதுவரை உயிரோடு இருந்திருக்கவில்லை. சிறிய புட்டியாக வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் சன்ஸ்கிரீனுக்கு அடியில் பூசு என்றேன். எனக்கும் ஒன்று வாங்கித் தரவா என்று கேட்டாள். பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக எதையும் சேர்க்கும் துணிவு எனக்கு இல்லை.

மார்ச் 31

ஈஸ்டர் பூசை முடிந்து வந்து நான்காம் படத்தை எடுத்தேன். பன்னிரண்டு வாரம். பருக்கள் 3. மருத்துவர் எழுதிய முதல் எண் பலித்துவிட்டது, நடுவில் பத்து நாள் வீணாக்கியும்.

வலக் கன்னத்தின் நான்கு கறைகளும் வெளிறியிருக்கின்றன, இடப்புறம் அந்த அளவுக்கு இல்லை. இரண்டுக்கும் ஒரே மருந்தைத்தான் பூசுகிறேன். நேற்று மாலைப் பேருந்து தக்கலையில் நெடுநேரம் நின்றபோதுதான் காரணம் உறைத்தது. காலையில் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தென்கிழக்காகப் போகிறேன், சூரியன் முன்னால் சற்று இடப்புறம் நிற்கிறது. மாலையில் வடமேற்காகத் திரும்புகிறேன், மேற்கே இறங்கும் சூரியன் மறுபடியும் என் இடப்புறம். பெண்கள் வழக்கமாக அமரும் இடப்பக்க இருக்கையில், ஜன்னலோரமாக, போகவும் வரவும் இடது கன்னத்தையே வெயிலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மாலையில் மறுபடி பூசுவதும் இல்லை. மதியம் பூசியது அதற்குள் வியர்வையிலும் கைக்குட்டையிலும் போயிருக்கும்.

நம் நிறத்துத் தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறையைக் கருக்க வைக்கும். நிறமற்ற சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைப் பெரிதாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்து தோல் நிறத்தில் வரும் வகை தடுக்கும். அதற்கு மாறுகிறேன். மாலையில் நாகர்கோவில் வடசேரியில் பேருந்து ஏறும் முன் மூன்றாவது முறையும் பூசுவேன், உள்பக்க இருக்கையில் அமர்வேன்.

ஏப்ரல் 9

மூன்றாவது முறையும் பூசுவதால் குழாய் 17 நாளில் தீர்ந்துவிடும்போல் இருக்கிறது. செலவைக் கணக்கில் எழுதவில்லை.

ஏப்ரல் 28

ஐந்தாம் படம். இடது கன்னக் கறைகளின் ஓரங்கள் கலைந்திருக்கின்றன. முன்பு வட்டமாக வரைந்ததுபோல் இருந்தவை இப்போது எங்கே முடிகின்றன என்று விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. மங்குவது ஓரத்திலிருந்து தொடங்குகிறது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. நடுவின் கருமையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் இத்தனை நாள் ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றியிருக்கிறது.

தாடையோரத்தில் ஒன்று மட்டும் அசையவில்லை. அதன் நிறமும் வேறு, பழுப்பாக இல்லாமல் சிலேட்டுப் பலகையின் சாம்பல். நிறமி மேல்தோலில் இருந்தால் பழுப்பு, அது தோலோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். அடித்தோலுக்கு இறங்கிவிட்டால் சாம்பலாகத் தெரியும், பூசும் மருந்துகள் அதை எளிதில் எட்டுவதில்லை, ஆண்டுக்கணக்கில் நிற்கலாம். அதை 24 வாரக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு மனம் சற்று இலேசாயிற்று.

மே 26

ஆறாம் படம். முதல் படத்தோடு அருகருகே வைத்துப் பார்த்தேன். இடப்புறம் எண்ணக்கூடியவை 5. வலப்புறம் ஒன்றுமில்லை.

இன்றிரவிலிருந்து அடாபலீன் இல்லை. தோல் வழியே உடலுக்குள் போவது மிகக் குறைவு என்றாலும், கருவுறும் எண்ணம் இருந்தால் அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே மருத்துவரின் சொல். அசெலாயிக்கைக் கருவுற்ற பிறகும் தொடரலாமாம், இனி இரண்டு வேளை. அந்தக் காலத்தில் மங்கு எளிதில் வரும் என்பதால் சன்ஸ்கிரீனை ஒரு நாளும் விடக் கூடாது. நிறுத்தியதும் அடைப்புகள் மறுபடி உண்டாகத் தொடங்கும், பருவாகத் தெரிய அதே எட்டு வாரம். ஜூலை 21-ஐ நாட்காட்டியில் வட்டமிட்டேன்.

ஜூன் 4

மழை. வானம் இருண்டிருந்தாலும் பூசிக்கொண்டே புறப்பட்டேன்.

ஜூன் 23

ஏழாம் படம். 24 வாரம். இடப்புறம் 3 கறைகள்: மூக்கருகே வெளிறிய ஒன்று, தாடையோரச் சாம்பல், கன்ன எலும்பின் மேல் பிப்ரவரியில் நானே உண்டாக்கியது. மூன்றிலும் கருமையானது அதுதான். அதன் 24 வாரம் ஜனவரியிலிருந்து அல்ல, பிப்ரவரி 12-லிருந்து எண்ணப்பட வேண்டும். எண்ணிப் பார்த்தேன், ஜூலை 29 வருகிறது.