ஒத்துக்காதவங்க யாரு மிஸ்?

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் புது ஹவுஸ் பெயர்களை அறிவிக்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது கரஸ்பாண்டெண்ட் சார் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பேரை மட்டும் சொல்லுங்கம்மா. ஏன் அந்தப் பேரு, ஏன் இந்தப் பேரு இல்லன்னு மேடையில விளக்க வேணாம். விளக்கப் போனா அதுவே ஒரு பேச்சாயிடும்." சரி என்றேன். அப்போது அது சரியாகத்தான் பட்டது. இப்போதும் பாதி நாள் சரியாகத்தான் படுகிறது.

ரெட், ப்ளூ, கிரீன், யெல்லோ என்று இருந்ததை மாற்ற வேண்டும் என்று முடிவானதும் பிள்ளைகளிடமே பெயர் கேட்டோம். ஆபீஸ் வாசலில் ஒரு பெட்டி. நானும் தமிழ் ஐயாவும் உட்கார்ந்து சீட்டுகளைப் பிரித்தோம். சேரர், சோழர், பாண்டியர், பல்லவர் என்று நிறைய வந்தது. ஆனால் மதுரையில் ஒரு பிள்ளையிடம் போய் நீ சோழர் ஹவுஸ் என்று சொல்ல முடியுமா? பாண்டியர் ஹவுஸில் இடம் கேட்டு அப்பா அம்மா வந்து நிற்பார்கள். ஆறுகள் என்றாலும் அதே கதைதான், எல்லோருக்கும் வைகைதான் வேண்டும். அதற்கு அடுத்து அதிகம் வந்தது தலைவர்களின் பெயர்கள். அந்தச் சீட்டுகளைப் பிரிக்கப் பிரிக்க ஐயா பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே பெயர், ஒரே பேனா, ஒரே மடிப்பு. எந்த வேனில் வரும் பிள்ளைகள் எந்தப் பெயரை எழுதியிருக்கிறார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் சீட்டைப் பார்த்தே தெரிந்தது. தென் மாவட்டங்களில் வேலை பார்க்கும் எந்த ஆசிரியருக்கும் இது புரியும், நான் அந்தப் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை.

1997 ஞாபகம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விருதுநகர்ப் பக்கம் புதிதாகத் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு சாரார் நின்றார்கள், கலவரமானது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை மொத்தமாக எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆனது, சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. நம்ம ஊரில் ஓடிய பாண்டியன் பஸ்கூட அந்தப் பெயரை இழந்தது. ஒரு மாநில அரசே அப்படிச் செய்ய வேண்டி வந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் துணிந்து என்ன செய்துவிட முடியும் என்பதுதான் அன்று என் கட்சி.

அப்படித்தான் மலைகளுக்கு வந்தோம். யானைமலை, நாகமலை, பசுமலை, அழகர்மலை. திருப்பரங்குன்றமும் முதல் பட்டியலில் இருந்தது. 2025 முழுக்க அந்த மலையைச் சுற்றி நடந்ததைப் பார்த்தபின் அதையும் எடுத்தோம். எடுக்கும்போதே மனதுக்குள் ஒன்று உறுத்தியது, மலையும் பொதுவில்லை என்றால் பிறகு எதுதான் பொது?

பெயரைவிட நிறமும் பிரிவும்தான் பெரிய வேலை. முன்பெல்லாம் ஸ்போர்ட்ஸ் டே அன்று பி.டி. சார் ஹவுஸ் நிறத்தில் ரிப்பன் வெட்டிக் கொடுப்பார், பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். கையில் கட்டும் கலர் கயிறு தென் மாவட்டப் பள்ளிகளில் சாதி அடையாளமாகக் கட்டப்படுகிறது என்பது ஊரறிந்தது. நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே சாதிப் பகையில் வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழுவும் 2024 அறிக்கையில் அதைத் தடை செய்யச் சொன்னது. அதனால் ரிப்பனுக்குப் பதில் சட்டைப் பையில் குத்தும் பேட்ஜ், ஒரு ஹவுஸுக்கு ஒற்றை நிறம், இரண்டு நிறம் சேர்ந்த கோடு எதிலும் வரக்கூடாது என்று வைத்தோம்.

பிள்ளைகளைப் பிரிப்பதில் பி.டி. சாருக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். அவர் வேன் ரூட் வாரியாகப் பிரிக்கச் சொன்னார். சாயங்காலம் பிராக்டிஸ் முடிந்ததும் ஒரு ஹவுஸ் பிள்ளைகள் ஒரே வேனில் ஏறிப் போய்விடலாம் என்பது அவர் கணக்கு, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் ஒரு வேன் என்றால் ஒரு ஊர், ஒரு ஊர் என்றால் பல நேரம் ஒரு தெரு. யாரும் நினைக்காமலே சாதிக்கு ஒரு ஹவுஸ் ஆகிவிடும். அதனால் அட்மிஷன் நம்பரை நான்கால் வகுத்து மீதியைப் பார்த்தோம். மீதி 1 என்றால் யானைமலை, 2 நாகமலை, 3 பசுமலை, மீதி இல்லாவிட்டால் அழகர்மலை. 4217 என்றால் மீதி 1, யானைமலை. இதில் ஒரு சிக்கல், ஒரே நாளில் சேர்ந்த அண்ணன் தம்பிக்கு அடுத்தடுத்த நம்பர், அதனால் வெவ்வேறு ஹவுஸ். அண்ணன் போட்ட டீ-ஷர்ட்டைத் தம்பி போட முடியாதே என்று ஒரு அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதற்காக முறையை மாற்றவில்லை.

மேடையில் நன்றாகத்தான் பேசினேன். யானைமலையில் நரசிங்கப் பெருமாள் குடைவரை 770இல் உருவானதைச் சொன்னேன். 2010 வாக்கில் அந்த மலையில் சிற்பக்கலை நகரம் அமைக்கத் திட்டம் வந்தபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்று தடுத்ததைச் சொன்னேன், ஒத்தக்கடைப் பக்கத்துப் பெற்றோர்கள் கைதட்டினார்கள். கடைசியில், "இந்த மலைகள் யார் ஒருவருக்கும் சொந்தமில்லை, நம் எல்லோருக்கும் சொந்தம்" என்று முடித்தேன்.

திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்தான். நன்றாகப் படிப்பவன், வம்புக்குப் போகிறவன் இல்லை.

"நாங்க எழுதிப் போட்ட பேரு வரலையே மிஸ்."

"எல்லாரும் ஒத்துக்கிற பேரா இருக்கணும்லப்பா."

"அவரு வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்தவர்தானே மிஸ். புத்தகத்துல இருக்கே. ஒத்துக்காதவங்க யாரு மிஸ்?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. அவன் கேட்டதற்கு உண்மையான பதில் அந்த அறையிலேயே பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருந்தது, அது அவனுக்கும் தெரியும். "அப்புறம் பேசலாம், உட்காரு" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அந்த இடத்தில் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். காரணத்தைச் சொல்லியிருந்தால் அந்தப் பெயர் இன்ன சாதியினுடையது என்று ஒரு ஆசிரியர் வாயாலேயே அறிவித்ததாகும். சொல்லாமல் விட்டதாலும் அதேதான் ஆனது. விடுதலைக்கு உயிரைக் கொடுத்த ஒருவர் பொதுவானவர் இல்லை என்று அவன் தெரிந்துகொண்டான், அதுவும் பள்ளிக்கூடத்திடமிருந்து. 1997ஐக் காரணம் காட்டுகிறேன், சரி. ஆனால் பெயரை எடுத்ததால் சண்டை எங்கே தீர்ந்தது, கயிறும் நாங்குநேரியும் அதற்குப் பிறகு வந்தவைதானே. இதைத் தமிழ் ஐயாவிடம் சொன்னேன். "தலைவர் பேரை வச்சு, ஸ்போர்ட்ஸ் டேல அந்த ஹவுஸ் தோத்து, மத்த ஹவுஸ் பிள்ளைங்க அந்தப் பேரைச் சொல்லிக் கூச்சல் போட்டா அன்னைக்கு என்ன பண்ணுவீங்க மேடம்?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது நடந்திருக்கும்.

ஜூனில் அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துக்கு வருவார்கள். ஒரே ஒரு பீரியட் கொடுங்கள், 1997இல் என்ன நடந்தது, நாங்கள் ஏன் மலைகளுக்குப் போனோம் என்று சாதிப் பெயர் எதுவும் சொல்லாமல் பேசிப் பார்க்கிறேன் என்று ஹெச்.எம். மேடத்திடம் கேட்டிருக்கிறேன். சாதிப் பெயர் சொல்லாமல் அதைப் பேச முடியுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். முதலில் பாடத்திட்டமாக எழுதிக் கொண்டுவாருங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன், முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.