இபி பில் பங்கைக் கேட்க ஒரு வழி

நாகர்கோவிலில் நாலு பேர் சேர்ந்து வீடெடுத்தால் முதல் மனத்தாங்கல் பெரும்பாலும் இபி பில்லில்தான். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவதால் எல்லாருக்கும் மறந்துபோகும்.

ரீடிங் எடுத்த அன்றைக்கே குரூப்பில் போடுங்கள். அன்று யாரும் பாக்கியில்லை, அதனால் யாருக்கும் சுடாது. கட்ட 20 நாள் இருக்கிறது. பங்குக்குப் 10-ம் நாளைச் சொல்லுங்கள். ரீடிங் 5-ம் தேதி என்றால், பில் படத்தோடு இப்படி:

“மக்கா, இபி 1,840. ஆளுக்கு 460. 15-ம் தேதிக்குள்ள போட்டா 16-ல கட்டிருவேன்.”

460 என்ற தொகை முக்கியம். “பில் வந்துருக்கு” என்று மட்டும் போட்டால் கணக்குப் போட்டுக்கொள்ளலாமென்று தள்ளிவைப்பார்கள்.

10 நாள் கழிந்தும் ஒருவர் பங்கு வரவில்லையா? குரூப்பில் “மூணு பேர் போட்டாச்சு” என்று எழுதாதீர்கள். நாலாவது ஆள் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். தனியாகக் கேளுங்கள்:

“மக்கா, இபி 460 எனக்கு வந்த மாதிரி காணல. நீ போட்டியான்னு ஒருக்கா பாத்துச் சொல்லு.”

யுபிஐ சில நேரம் பாதியில் நிற்கும், அனுப்பியவருக்கே தெரியாது. கேட்குமுன் உங்கள் வங்கிக் கணக்கையும் பாருங்கள். காசு இறுக்கம் என்றால் தேதி கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு முன் மறுபடி கேட்க வேண்டாம். கட்டியதும் ரசீதைக் குரூப்பில் போட்டுவிடுங்கள்.