அம்மாவின் பெட்டியும் இரண்டு கடிதங்களும்

ஜூலை 6, 2025, ஞாயிறு

அம்மா வந்துவிட்டார், பெட்டி வரவில்லை. மெல்போர்னில் அக்கா வீட்டிலிருந்து கிளம்பியவர் வெள்ளிக்கிழமை இரவு 11.55க்குக் கட்டுநாயக்காவில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது நேற்று, சனிக்கிழமை, இரவு 11.25க்கு. மெல்போர்னில் முதல் விமானம் ஆறே முக்கால் மணித்தியாலம் பிந்திப் புறப்பட்டதால் இடையில் மாற வேண்டிய விமானம் தவறிவிட்டது. அடுத்ததில் ஏற்றும்வரை ஒரு பகல் முழுக்க மாறும் விமான நிலையத்திலேயே இருந்திருக்கிறார்.

நல்லவேளை, சக்கர நாற்காலி தள்ளிய தம்பி விஷயம் தெரிந்தவர். பெல்ட் நின்றதும் அம்மாவை வெளியே கொண்டுவராமல் நேரே பொதிப் பிரிவுக் கவுண்டருக்குக் கூட்டிப்போய்ப் பி.ஐ.ஆர். போட வைத்திருக்கிறார். பெட்டி வராததைப் பதியும் அறிக்கை அது. வருகை மண்டபத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே போட வேண்டும். பிறகு போய்ச் சொன்னால், பெட்டி உண்மையில் பெல்ட்டில் வரவில்லையா, எடுத்துக்கொண்டு போன பின் தொலைந்ததா என்ற கேள்வி வரும்.

அறிக்கையின் மேலே பத்து எழுத்தில் ஒரு இலக்கம் இருக்கிறது: கட்டுநாயக்காவின் குறியான CMB, பிறகு விமான நிறுவனத்தின் இரண்டெழுத்துக் குறி, பிறகு ஐந்து இலக்கங்கள். தேடுவது எல்லாம் இந்த இலக்கத்தை வைத்துத்தான். போர்டிங் பாஸ் உறையில் ஒட்டிய பெட்டி டேக்கின் துண்டும் பத்திரமாக இருந்தது. அதிலுள்ள பத்து இலக்கம்தான் அந்தப் பெட்டி அம்மாவுடையது என்பதற்குச் சாட்சி. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்தேன். கடவுச்சீட்டில் நேற்றைய திகதி முத்திரையையும் சேர்த்து.

ஜூலை 8, செவ்வாய்

டவுனில் காப்புறுதிக் கம்பனியின் கிளைக்குப் போனேன். எழுத்தில் அறிவித்துக் கிளைம் இலக்கம் வாங்கிவிட்டேன். பத்திரங்கள் பிறகு வரலாம், அறிவிப்புக்குத்தான் காலக்கெடு. எங்கள் பொலிசியில் 30 நாள்.

கிளைம் பகுதியில் இருந்த தங்கச்சி பொறுமையாகப் பொலிசியைப் பிரித்துக் காட்டினார். செக்-இன் பெட்டி தொடர்பாக இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. ஒன்று பெட்டி பிந்தி வருவது, மற்றது முற்றாகத் தொலைவது. பிந்தி வரும்போது அவசரத்துக்கு உடுப்பு, பற்பசை வாங்கக் காசு தரும் பிரிவு, சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்த இடத்தில் செல்லாது. வீட்டில் உடுப்பு இருக்கிறதுதானே என்பது அவர்கள் நியாயம். ஆகவே எங்களுக்கு முழு இழப்பு என்ற பிரிவு மட்டும்தான். அதோடு விமானத் தாமதம், அது தனிக் கணக்கு.

“அண்ணன், பி.ஐ.ஆர். மட்டும் காணாது” என்றார். “பெட்டி வரவில்லை என்று நீங்கள் சொன்னதை அவர்கள் பதிந்த துண்டுதான் அது. தொலைந்துவிட்டது என்று அவர்களே எழுதித் தரவேண்டும்.” தாமதத்துக்கும் அப்படியே. ஆக, விமான நிறுவனத்திடமிருந்து இரண்டு கடிதங்கள். கிளைம் முழுக்க அந்த இரண்டு தாளில் தொங்குகிறது என்பது இன்றைக்குத்தான் விளங்கியது.

ஜூலை 15, செவ்வாய்

தாமதக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. இரண்டே வரி. அம்மாவின் பெயர், மெல்போர்ன் விமானத்தின் இலக்கம், “செயற்பாட்டுக் காரணங்களால் 6 மணி 45 நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது.” அவ்வளவுதான்.

இதை அப்படியே கொடுத்தால் ஒரு சதம் கிடைக்காது. காரணம் பொலிசியிலேயே இருக்கிறது. முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒன்றுமில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு முழு மணித்தியாலத்துக்கும் 10 டொலர், அதிகபட்சம் 200. ஆறே முக்காலில் ஆறைக் கழித்தால் மிஞ்சுவது முக்கால். முழு மணித்தியாலம் ஒன்றுகூட இல்லை.

ஆனால் அதே பிரிவின் அடுத்த வரியில், தாமதம் டிக்கெட்டில் உள்ள கடைசி இடத்துக்கு வந்து சேரும் நேரத்தை வைத்துக் கணக்கிடப்படும் என்று இருக்கிறது. எல்லாப் பொலிசியிலும் இப்படி இருக்காது, சிலதில் புறப்படும் நேரம்தான் கணக்கு. எங்களுடையதில் இப்படி இருப்பதால் அம்மாவின் தாமதம் ஆறே முக்கால் அல்ல, இருபத்துமூன்றரை மணித்தியாலம். அதை விமான நிறுவனத்தின் கடிதம் சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பயனில்லை.

“செயற்பாட்டுக் காரணம்” என்பதும் சிக்கல்தான். பொலிசியில் எந்தெந்தக் காரணங்களுக்குக் காசு என்று எண்ணிப் போட்டிருக்கிறார்கள்: மோசமான காலநிலை, இயந்திரக் கோளாறு, வேலைநிறுத்தம். பொதுவான ஒரு சொல் இதில் எதற்குள்ளும் அடங்காது.

இன்றிரவே பதில் எழுதினேன். கோபமாக அல்ல, வேண்டியதைத் தெளிவாக. இரண்டு விமானங்களின் இலக்கமும், திட்டமிட்ட நேரமும் உண்மையான நேரமும், தாமதத்தின் காரணம், முதல் விமானம் பிந்தியதால்தான் இரண்டாவது தவறியது என்ற வரி, மாற்றி ஏற்றிய விமானத்தின் இலக்கம், கொழும்பில் இறங்கிய நேரம். பி.ஐ.ஆர். இலக்கத்தை மேலே போட்டேன். மெல்போர்னில் காத்திருந்தபோது அறிவித்ததை அக்கா வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பியிருந்தார், அதையும் இணைத்தேன்.

ஜூலை 21, திங்கள்

சரியான கடிதம் வந்துவிட்டது. நிறுவனத் தலைப்புத் தாள், கையொப்பம், முத்திரை. காரணம்: விமானத்தின் ஹைட்ரோலிக் அமைப்பில் கோளாறு. இரண்டு விமானங்களும் இருக்கின்றன, நேரங்கள் எல்லாம் இருக்கின்றன. கேட்டால் எழுதித் தருகிறார்கள். எதைக் கேட்பது என்று தெரிந்திருந்தால் சரி.

ஜூலை 28, திங்கள்

சனிக்கிழமையோடு 21 நாள் கடந்துவிட்டது. 1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது, இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாளுக்குள் பெட்டி வராவிட்டால், அதைத் தொலைந்ததாக வைத்துப் பயணி உரிமை கோரலாம் என்று அதில் இருக்கிறது. அதுவரை விமான நிறுவனத்தின் வாயிலிருந்து வருவது “தேடிக்கொண்டிருக்கிறோம்” மட்டும்தான். இன்று காலை முதல் வேலையாக, இழப்பை உறுதிப்படுத்தி எழுத்தில் தரச் சொல்லியும் இழப்பீடு கேட்டும் எழுதினேன். நிறுவனத்தின் பொறுப்புக்கு மேல் எல்லை ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு; அந்தத் தொகை இரண்டாயிரம் அமெரிக்க டொலருக்குச் சற்று மேல். அது எல்லை மட்டுமே. நிரூபித்த அளவுக்குத்தான் தருவார்கள்.

நிரூபிக்கத்தான் பொழுது போகிறது. அக்கா வாங்கிக் கொடுத்த குளிர்ச்சட்டை, சப்பாத்து, விற்றமின், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஆகியவற்றுக்குக் கடை பில்லோ கார்ட் கணக்கோ அவரிடம் இருக்கிறது. அம்மா இங்கிருந்து கொண்டுபோன மருதமுனைச் சேலைகளுக்குப் பில் எங்கே இருக்கும்? கோயிலில் அக்கா பிள்ளைகளோடு அம்மா அந்தச் சேலையில் நிற்கிற படங்களைச் சேர்த்தேன். பில் இல்லாத இடத்தில் திகதியோடு இருக்கும் படம் ஓரளவுக்கு உதவும்.

பட்டியல் எழுதும்போது பி.ஐ.ஆரில் அம்மா சொன்ன உள்ளடக்கத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். அன்று சொல்லாத விலையுயர்ந்த பொருள் இன்று பட்டியலில் முளைத்தால் கிளைம் முழுவதன் மேலும் சந்தேகம் விழும். நகையும் காசும் இலத்திரனியல் பொருட்களும் எங்கள் பொலிசியில் கிடையாது. அம்மாவின் சங்கிலி எப்போதும் கைப்பையில்தான்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

விமான நிறுவனம் 380 டொலர் தருவதாக எழுதியிருக்கிறது. கூடவே ஒரு படிவம்: கையெழுத்திட்டால் “இந்தப் பயணம் தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும்” முடிந்ததாகிவிடும்.

அதில் உடனே கையெழுத்து வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். “வருகிறதை வாங்கு மகன், எவ்வளவு நாள் இழுக்கிறது” என்றார். அவர் அலுப்பு எனக்கும் இருக்கிறது. ஆனால் காப்புறுதிக் கம்பனி பணம் கொடுத்தபின் விமான நிறுவனத்திடம் அறவிடும் உரிமை அவர்களுக்குப் போகிறது. அவர்களிடம் கேட்காமல் அந்த உரிமையை நாங்கள் எழுதிக் கொடுத்தால், அதையே காரணம் காட்டிக் கிளைமை மறுக்கலாம். படிவத்தைக் கிளைக்கு அனுப்பிச் சம்மதம் கேட்டேன். விமான நிறுவனத்துக்கும் எழுதினேன்: படிவத்தில் இந்தப் பெட்டியின் இழப்பு என்று மட்டும் போடுங்கள், 380 டொலர் எதற்கு என்று கடிதத்தில் சொல்லுங்கள்.

ஓகஸ்ட் 27, புதன்

திருத்திய கடிதம் கையில். டேக் இலக்கம், பி.ஐ.ஆர். இலக்கம், “தேடுதல் முடிந்தது, பெட்டி தொலைந்ததாகக் கருதப்படுகிறது”, “பெட்டிக்கும் உள்ளிருந்த பொருட்களுக்கும் இழப்பீடு 380 டொலர், வேறு கொடுப்பனவு எதுவும் வழங்கப்படவில்லை.” அந்தக் கடைசி வரிக்காகத்தான் இரண்டு கிழமை காத்திருந்தேன். கிளை சம்மதித்ததும் அம்மா கையெழுத்திட்டார். எல்லாவற்றையும் ஒரு கோப்பாகக் கட்டி நானே கொண்டுபோய்க் கொடுத்து, எங்கள் பிரதியில் “பெற்றுக்கொண்டோம்” என்று முத்திரை வாங்கினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கம்பனியின் கணக்கு வந்தது. தாமதத்தில் குழப்பமில்லை: இருபத்துமூன்றரையில் ஆறு போக 17 முழு மணித்தியாலம், 170 டொலர்.

பெட்டியில் நாங்கள் கேட்டது 920. பாவித்த பொருட்களுக்குத் தேய்மானம் கழித்து 780 என்று ஏற்றிருக்கிறார்கள். சேலைகளுக்குப் பாதி விலை போட்டது அம்மாவுக்கு மனக்கஷ்டம், ஆனாலும் பில் இல்லாத பழைய துணிக்கு அது மோசமில்லை. அடுத்த வரியில்தான் பிரச்சினை. பொலிசியில் ஒரு பெட்டிக்கு எல்லை 500. அந்த 500இலிருந்து விமான நிறுவனத்தின் 380ஐக் கழித்து 120 என்று போட்டிருந்தார்கள்.

பொலிசி அப்படிச் சொல்லவில்லை. விமான நிறுவனம் ஈடுசெய்யாத இழப்பை, எல்லைக்கு உட்பட்டுத் தருவோம் என்கிறது. அப்படியென்றால் முதலில் இழப்பிலிருந்து கழிக்க வேண்டும்: 780இல் 380 போனால் 400. அது 500க்குள் இருக்கிறது, ஆகவே 400. அந்த வாசகத்தைப் பக்க இலக்கத்தோடு எடுத்தெழுதி, இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு மறுபரிசீலனை கேட்டேன். இதற்கும் மசியாவிட்டால் கம்பனிக்குள் முறைப்பாட்டுப் பிரிவு, பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மன் என்று வழி இருக்கிறது. தங்கச்சியிடம் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அவரும் கடிதத்தை வாசித்துவிட்டு, “நீங்கள் சொல்வது சரிபோலத்தான் இருக்கு, கொழும்புக்கு அனுப்புறன்” என்றார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

400 என்று ஒத்துக்கொண்டார்கள். தாமதத்தோடு சேர்த்து 570 டொலருக்கான ரூபாய் அம்மாவின் கணக்குக்கு வரும். பணம் பெறும் பத்திரத்தில் இன்று கையெழுத்திட்டார்.

பேனாவை வைத்துவிட்டு அம்மா கேட்டார்: “நாளைக்கு அந்தப் பெட்டி கிடைச்சிட்டால்?” பேரப்பிள்ளைகள் கீறிக் கொடுத்த படங்கள் அதற்குள் இருக்கின்றன, பட்டியலில் விலை போட முடியாதவை. பத்திரத்தின் கடைசிப் பந்தியில் அதற்கும் பதில் இருக்கிறது. பெட்டி கிடைத்தால் உடனே அறிவிக்க வேண்டும்; பொருட்களை வைத்துக்கொள்வதானால் அவற்றுக்குத் தந்த பணத்தைத் திருப்ப வேண்டும். படங்களுக்கு அவர்கள் பணம் தரவில்லை, அவை எப்படியும் உங்களுடையவைதான் என்றேன்.

பி.ஐ.ஆர். இலக்கத்தை அழிக்கவில்லை. விமான நிறுவனத்தின் பொதிப் பிரிவுக்கு இன்னொரு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன்: பெட்டி பின்னர் எங்காவது கிடைத்தால் இந்தத் தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், உள்ளே மூடியின் பையில் நீலக் கோப்பு ஒன்று இருக்கும்.