58 மில்லிமீற்றர் தோட்டா

மட்டக்களப்பில் ஒரு காவல் நிறுவனத்தின் களஞ்சியத்தைச் சில வருடம் பார்த்தேன். துவக்குகளும் தோட்டாப் பெட்டிகளும் என் பொறுப்பு.

ஒருநாள் வவுணதீவுப் பக்க நெல்லுக் களஞ்சியத்தில் காவலுக்கு நிற்கும் அண்ணன் ஒருவர் வந்தார். முந்தின இரவு யானையை விரட்ட ஒரு வெடி வைத்திருக்கிறார். "தம்பி, இந்தத் துவக்கு இப்படி ஒருநாளும் தோளில் இடிச்சதில்ல" என்று சொல்லி, வெடித்த வெற்றுக் கூட்டை மேசையில் வைத்தார். கூட்டின் வாய் விளிம்பு பிய்ந்து, நார்நாராக நின்றது.

அடியைத் திருப்பிப் பார்த்தேன். பித்தளை வட்டத்தில் கம்பனிப் பெயரும் இரண்டு இடத்தில் 12 என்ற இலக்கமும் இருந்தன. துவக்கின் குழாய் அகலமும் 12 போர்தான். அந்த முத்திரை முக்கியமில்லை என்று சொல்லவில்லை: அதைவிட ஒடுங்கிய 20 போர் தோட்டா ஒன்று கலந்துவிட்டால் அது 12 போர் குழாய்க்குள் வழுக்கி முன்னே போய்ச் சிக்கிக்கொள்ளும், பின்னால் அடுத்ததைப் போட்டுச் சுட்டால் குழாய் வெடிக்கும். அதைத் தடுப்பது இந்த இலக்கந்தான். ஆனால் அன்றைய பிழைக்கு அதில் பதில் இல்லை.

பதில் பெட்டியில் இருந்தது. லேபலில் "12/70" என்று போட்டிருந்தது. பிறகு துவக்கை மடித்து, குழாய்களைக் கழற்றி அடிப்பக்கத்தைத் துடைத்தேன். எண்ணெய் அழுக்குக்குக் கீழே, தோட்டா இருக்கும் அறையின் நீளம் 2½" என்று வெட்டியிருந்தது. லேபல் மில்லிமீற்றரிலும் துவக்கு அங்குலத்திலும் பேசுவதால்தான் யாருக்கும் கண்ணில் படவில்லை. 2½ அங்குலம் என்பது 63.5 மில்லிமீற்றர், வழக்கில் 65 என்பார்கள். பெட்டியில் இருந்ததோ 70, அதாவது 2¾ அங்குலம்.

அண்ணன் விடவில்லை. புதுத் தோட்டா ஒன்றை எடுத்து அடிமட்டத்தில் வைத்தார். கிட்டத்தட்ட 58. "65க்குள்ள 58 போகாதா?"

போகும். அங்கேதான் ஏமாறுகிறோம். லேபலில் உள்ள நீளம் வெடித்த பிறகுள்ள நீளம். சுடாத தோட்டாவின் வாய் நட்சத்திரம்போல உள்ளே மடிந்திருக்கும். சுடும்போது அந்த மடிப்பு விரியும். அறை 70 என்றால் விரிய இடமிருக்கும். 65 என்றால் விரியும் வாய் அறைக்கு முன்னால் ஒடுங்கும் கழுத்துக்குள் நீட்டிக்கொண்டு, சன்னங்கள் போகும் வழியை நெருக்கும். உள்ளே அமுக்கம் ஏறும், தோள் இடிபடும், வாய் பிய்யும். அவர் கொண்டுவந்த கூட்டை அடிமட்டத்தில் வைத்தேன், பிய்ந்த நாரோடு சேர்த்து 70க்குச் சற்றுக் குறைவாக வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை.

லேபலில் பெரிதாக 4 என்றும் இருக்கும். பலர் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அது சன்னத்தின் பருமன், துவக்குக்குப் பொருந்துமா என்பதை அது சொல்லாது.

அன்றைக்கே அந்தத் துவக்கின் பிடியில் "65 மட்டும்" என்று துணிப்பட்டி ஒட்டினேன். 70 பெட்டிகளை அலுமாரியின் மற்றத் தட்டுக்கு மாற்றினேன். 65 வரும்வரை அந்தத் துவக்கு வெளியே போகவில்லை. அண்ணன் மூன்று கிழமை டோர்ச்சும் சீனவெடியுமாகக் காவல் இருந்தார்.